ஆறு ரூபாய் வித்தியாசம்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் என் அச்சகம் இருக்கிறது. 19x26 ஆப்செட் மெஷின் இரண்டு, ஒரு கட்டிங் மெஷின், என்னையும் சேர்த்து ஆறு பேர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் என்று வருஷம் ஓடினாலும், எங்களுக்குப் பெரிய வேலை கார்த்திகை, மார்கழியில்தான் வரும். ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் புத்தகம் வேண்டுமென்று பதிப்பாளர்கள் நிற்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் நான் வாங்கும் தாள், மீதி பத்து மாதத்தில் வாங்குவதற்குச் சமம்.

2023 நவம்பரில் ஒரு பதிப்பாளர் மூன்று புத்தகம் கொடுத்தார். எல்லாம் டெமி 1/8 அளவு, 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள். அதில் பெரியது 224 பக்கம், இரண்டாயிரம் பிரதி. 58.5x91 சென்டிமீட்டர் முழுத்தாள் ஒன்றில் 32 பக்கம் வரும். அதை இரண்டாக வெட்டித்தான் எங்கள் மெஷினில் ஓட்டுவோம். ஆக ஒரு புத்தகத்துக்கு ஏழு தாள், இரண்டாயிரம் பிரதிக்குப் பதினாலாயிரம் தாள், அதாவது 28 ரீம். சேதாரம் சேர்த்து 30 என்று வைத்தேன். மற்ற இரண்டு புத்தகத்துக்கும் சேர்த்து இன்னொரு 30. இந்த அளவில் 70 ஜி.எஸ்.எம். ரீம் ஒன்று 18.6 கிலோ. 60 ரீமுக்கு 1,116 கிலோ. தாளை எண்ணி ஓட்டினாலும் விலை கிலோவுக்குத்தான்.

ஆண்டர்சன் தெருவில் எங்கள் பேப்பர்க்காரர் கொட்டேஷன் அனுப்பினார். கிலோ 86 ரூபாய், ஜி.எஸ்.டி. 12 சதவீதம் தனி, அச்சக வாசலில் இறக்கிக் கொடுப்பார், 45 நாள் கடன். இருபது வருஷத்துக்கு மேல் அவரிடம்தான் வாங்குகிறேன். வழக்கமாக இந்தக் காகிதத்தைப் பார்த்ததும் சரியென்று போனில் சொல்லிவிடுவேன்.

அதே வாரம் ஒருத்தர் அச்சகத்துக்கு வந்தார். இளைஞர், மாதவரம் பக்கம் புதிதாகக் கிடங்கு போட்டிருக்கிறாராம். பையிலிருந்து சாம்பிள் கட்டை எடுத்துப் போட்டுவிட்டு, விலையைப் பென்சிலால் எழுதினார். கிலோ 80. அதே கிராமேஜ், ஜி.எஸ்.டி. தனி.

ஆறு ரூபாய். 1,116 கிலோவுக்கு 6,696 ரூபாய். புத்தக அச்சில் எனக்கு மிஞ்சுவது என்னவென்று தெரிந்தவர்களுக்கு, இந்தத் தொகையை ஏன் சும்மா விட முடியாதென்று புரியும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். 2011இல் இப்படி ஒரு மலிவு விலை வந்தபோது நான் செய்த காரியம் வேறு. அடுத்த கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய், நம் ஆள் மேஜையில் வைத்தேன். "இதைப் பாருங்கண்ணே" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லெட்டர் தலைப்பைப் பார்த்தார், விலையைப் பார்த்தார். வாதமே இல்லை. இரண்டு ரூபாய் குறைத்துப் பில் போடச் சொன்னார். ரயிலில் திரும்பி வரும்போது எனக்குப் பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்ட நினைப்பு.

அந்த நினைப்பு மூன்று மாதம் தாங்கியது. தாள் ஆலைகள் விலையை ஏற்றப் போகும்போது டீலர்களுக்குச் சர்க்குலர் வரும். அது வந்த அன்றைக்கே அவர் எனக்குப் போன் பண்ணி, "திங்கள்கிழமையிலேருந்து ஏறுது தம்பி, வேணுங்கறதை இப்பவே எடுத்துக்குங்க" என்பார். அந்தத் தடவை போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நானாகக் கூப்பிட்டு ஆர்டர் சொன்னபோதுதான் விலை ஏறியது தெரிந்தது. கேட்டேன். "மறந்துட்டேன்" என்றார். மறக்கிற ஆள் இல்லை அவர்.

அதைவிட மோசம், இன்னொன்றை நான் ஒரு வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். சைதாப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் அவரிடம்தான் வாங்குவார். ஒருநாள் இரண்டு பேர் கொட்டேஷனையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரே நாள், ஒரே தாள். எனக்கு எழுதியிருந்தது இரண்டரை ரூபாய் கூடுதல். நான் கேட்டதும் குறைப்பதற்கென்றே ஏற்றி வைத்திருந்தார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான்தான் அப்படிப் பழக்கினேன். ஜெராக்ஸைக் காட்டியபோது, முதலில் எழுதும் விலையை இவன் நம்பமாட்டான் என்று அவருக்குச் சொல்லாமல் சொன்னேன். அவரும் அதற்கேற்ற விலையை எழுத ஆரம்பித்தார். குறைத்து வாங்கினேன் என்று நான் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு பில்லிலும் என் பணத்தையே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அது சரியாவதற்கு நாலைந்து வருஷம் ஆனது. சரியானது என் சாமர்த்தியத்தால் இல்லை, வெள்ளத்தால். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரைக் கட்டினார்கள். ஏரி போனாலும் எங்கள் பக்கத்து ரோட்டின் பெயரில் அது இன்னும் இருக்கிறது, மழைக்காலத்தில் தரையிலும் இருக்கும். 2015 டிசம்பரில் அச்சகத்துக்குள் முழங்கால் தண்ணீர். கீழ் அடுக்கில் இருந்த தாளெல்லாம் ஊறிப் பலகை மாதிரி ஒட்டிக்கொண்டது. அவராகவே இருபது ரீம் அனுப்பினார். பில்லை ஜனவரியில் போட்டுக்கொள்ளலாம் என்று டிரைவரிடம் சொல்லியனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு நான் அவரிடம் விலை பேசுவதையே விட்டுவிட்டேன். அதுவும் தப்புதான். பேசாமல் வாங்கினால், நாளாக நாளாக விலை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும். கொடுப்பவருக்கே அது தெரியாது. 86க்கும் 80க்கும் நடுவில் இருந்த ஆறு ரூபாயில் அந்த மௌனத்துக்கும் பங்கு உண்டு.

ஆகவே இந்தத் தடவை கேட்டே ஆக வேண்டும், ஜெராக்ஸ் இல்லாமல் கேட்க வேண்டும். அதற்கு முதலில் ஆறு ரூபாய் உண்மையிலேயே ஆறு ரூபாய்தானா என்று பார்க்க உட்கார்ந்தேன்.

முதல் சந்தேகம் தாளின் மேல். இதைச் சோதிக்க லேப் வேண்டாம். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். சாம்பிளிலிருந்து ஏ4 அளவில் பதினாறு தாள் வெட்டித் தராசில் வைத்தால், எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுதான் ஜி.எஸ்.எம். வீட்டில் கேக் செய்ய வாங்கிய டிஜிட்டல் தராசு ஒன்று இருக்கிறது. என் மனைவி அதைத் தேடும்போதெல்லாம் அச்சகத்தில்தான் கிடைக்கும். வெட்டி வைத்தேன். 69 காட்டியது. பழைய தாளையும் அப்படியே வெட்டி வைத்தேன். அதுவும் 69தான். ஒரு கிராம் இப்படி அப்படி இருப்பது சகஜம். முன்னொரு தடவை வேறொருவர் கொண்டுவந்த '70' இதே தராசில் 66 காட்டியதுண்டு. அந்த மாதிரித் தாளில் ரீம் எடையை 18.6 என்றே பில் போடுவார்கள். இல்லாத எடைக்குக் காசு கொடுப்போம், அச்சடித்தால் பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரியும். இந்த இளைஞர் கொண்டுவந்ததில் அந்தக் குறை இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், மெஷினில் பத்துத் தாள் ஓட்டிப் பார்த்தேன். நல்ல தாள். குறை ஏதாவது இருந்திருந்தால் அதைச் சாக்கு வைத்துப் பழைய இடத்திலேயே நிம்மதியாக வாங்கியிருப்பேன்.

அடுத்தது வண்டி. புதியவர் விலை கிடங்கு வாசலில். மாதவரத்திலிருந்து மேற்கு மாம்பலத்துக்கு ஒரு பொலேரோ பிக்கப் 1,900 ரூபாய் கேட்டார்கள். ஏற்று இறக்குக் கூலி 500. ஆக 2,400.

பிறகு கடன். புதியவருக்குப் பணம் முன்னாடியே கட்டிவிட வேண்டும். 80 ரூபாய் விலைக்கு வரியோடு ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆறு ரூபாய் குறைவு. என் ஓ.டி. கணக்குக்கு வருஷம் 12 சதவீத வட்டி. 45 நாளுக்கு 1,480 ரூபாய் ஆகிறது. கடனாக வாங்கும்போது இந்த வட்டியை யாரும் பில்லில் எழுதுவதில்லை, அதனால் நம் கண்ணில் படுவதும் இல்லை. ஆனால் அந்த 86 ரூபாய்க்குள் அது இருக்கிறது.

6,696இல் இந்த இரண்டையும் கழித்தால் மிச்சம் 2,816. கிலோவுக்கு இரண்டரை ரூபாய். ஆறு ரூபாய் என்று போய் நின்றிருந்தால், மூன்றரை ரூபாய்க்கு அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையைக் கணக்கில் எடுக்காதவனாக நின்றிருப்பேன். அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், மனதில் எழுதிக்கொள்வார்.

நாள் பார்ப்பதும் முக்கியம். மாத முதல் வாரத்தில் பேப்பர்க்காரர்கள் வசூலுக்கு அலைவார்கள், சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு முடிப்பார்கள். காலை லோடெல்லாம் கிளம்பிய பிறகு, பதினொரு மணிக்கு மேல், வாரத்தின் நடுவில் போவதுதான் நல்லது. வாட்ஸ்அப்பில் கேட்டால் வேலை சீக்கிரம் முடியும், தெரியும். ஆனால் "ரேட் அதிகம், குறைக்கவும்" என்று எழுதுகிறவன் முகம் அந்தப் பக்கம் எப்படித் தெரியுமென்று அனுப்புகிறவனுக்குத் தெரியாது. என்னிடமும் பதிப்பாளர்கள் அப்படி அனுப்புவதுண்டு. "சிவகாசியில் இதில் பாதிதான்" என்று ஒரு வரி வந்தால், அன்று பூராவும் எனக்கு அந்த ஆளின் வேலையில் கை ஓடாது. இன்னொருவர் நேரில் வந்து, "சிவகாசி ரேட் இது சார், லாரியும் ப்ரூஃப் பார்க்கப் போய்வர ஆகிற செலவும் சேர்த்தால் இவ்வளவு வருது, இதுக்குப் பக்கத்துல வர முடியுமா?" என்று கேட்டார். அவருக்கு நான் குறைத்துக் கொடுத்தேன், மனசோடு கொடுத்தேன். கேட்க வேண்டிய விதத்தை நான் கற்றது அவரிடம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாம்பலம் ஸ்டேஷனில் ஏறிக் கோட்டையில் இறங்கி நடந்தேன். பையில் இரண்டு சமாசாரம். ஒன்று, கணக்குப் போட்ட துண்டுக் காகிதம். மற்றொன்று, அக்டோபர் பில்லுக்கான செக். அதற்கு இன்னும் பத்து நாள் தவணை இருந்தது. பழைய பாக்கியை வைத்துக்கொண்டு புது விலையைப் பற்றிப் பேசினால், பேச்சு எங்கே சுற்றினாலும் பாக்கிக்குத்தான் திரும்பும்.

ஆண்டர்சன் தெருவில் அந்த நேரத்தில் நடக்க இடமிருக்காது. கல்யாணப் பத்திரிகை பார்க்க வந்த குடும்பங்கள், தலையில் ரீம் சுமந்து வருகிறவர்கள், குறுக்கே கைவண்டி. கடைக்குள் அவர் மேஜையில் இருந்தார். மகன் கம்ப்யூட்டரில் டாலி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. என்ன, நேர்லயே?"

"பழைய பில்லுக்குச் செக் கொண்டாந்தேன்ணே."

"அதுக்கா இவ்வளவு தூரம்? பையனை அனுப்பியிருப்பேனே." செக்கை வாங்கித் தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சொல்லுங்க."

சுற்றி வளைக்கவில்லை. "அறுபது ரீமுக்கு எண்பத்தாறு எழுதியிருக்கீங்க. எனக்கு வெளியில ஒரு ரேட்டு வந்திருக்குண்ணே, எண்பது. அங்கே நாமதான் போய் எடுக்கணும், பணமும் முன்னாடியே கட்டணும். வண்டி, வட்டி ரெண்டையும் கழிச்சுப் பார்த்தேன். அப்பவும் கிலோவுக்கு ரெண்டரை ரூபா நிக்குது. தாளை எடை போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு. உங்களை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. இதுல உங்களால ஏதாவது பண்ண முடியுமா?"

"யாரு?"

"அது வேண்டாம்ணே. உங்க ரேட்டை நான் இன்னொருத்தர்கிட்ட சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

அவர் சிரித்தார். ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தெருவில் யார் எந்த ஆலைத் தாளை என்ன விலைக்குத் தள்ளுகிறார்கள் என்பது டீ வருவதற்குள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தாலும் நான் சொல்லாமலிருப்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. இவனிடம் நாம் கொடுக்கிற விலையும் வெளியே போகாது என்பதுதான் அது.

பிறகு நான் பேசவில்லை. இதுதான் கஷ்டமான இடம். விலையைக் கேட்டுவிட்டால் அடுத்த நிமிஷத்து மௌனத்தைத் தாங்க முடியாமல், நாமே "ஒரு ரூபாயாவது" என்று இறங்கிவிடுவோம். இல்லையென்றால் "இல்லேன்னா அங்கேதான் வாங்கணும்" என்று மிரட்டலாக ஒன்று வாயிலிருந்து விழும். கேட்டது இரண்டரை, அதில் எவ்வளவு முடியும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். டீ வந்தது. குடித்தேன். மகன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

"ரெண்டரை முடியாது" என்றார் கடைசியில். "இந்தத் தாள்ல எனக்கு நிக்கறதே ரெண்டே கால், ரெண்டரைதான். நாப்பத்தஞ்சு நாள் கடனுக்கு நான் வேற வட்டி கட்டறேன். நீங்க எப்போ பணம் தருவீங்க, அதைச் சொல்லுங்க."

இந்த இடத்தில்தான் விலை பேசுவது வேறொன்றாக மாறுகிறது. அதுவரை நான் அவருடைய லாபத்தில் கை வைக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பேச்சைத் தவணைக்குத் திருப்பினார். ஆலைக்குச் சீக்கிரம் பணம் கட்டும் டீலருக்கு ஆலை தனியாகக் கழிவு கொடுக்கும். நான் 45 நாள் நிறுத்தி வைத்தால் அந்தக் கழிவு அவருக்குப் போச்சு; பத்து நாளில் கொடுத்தால் அதில் பாதியாவது அவர் பிடிக்க முடியும். அவர் கழிவு போனதற்கு ஈடாக என் கையில் மிஞ்சுவது 35 நாள் ஓ.டி. வட்டி, அவ்வளவுதான். எனக்குக் குறைந்த விலையில் விடக்கூடிய ஒன்று, அவருக்கு அதிக விலை பெறும் ஒன்று. பல வருஷமாக அந்தக் கடனை ஏதோ எனக்குக் கிடைக்கும் மரியாதை மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, அதை விற்கலாமென்று தோன்றியதே இல்லை.

"பத்து நாள்ல செக் தந்துடறேன்" என்றேன். "அறுபதும் ஒரே லோடா எடுத்துக்கறேன், ரெண்டு தடவை வண்டி அனுப்ப வேண்டாம்."

மகனிடம் ஏதோ கேட்டார், கால்குலேட்டரில் தட்டினார். "எண்பத்து மூணு ஐம்பது. வாசல்ல இறக்கித் தந்துடறேன். இதுக்குக் கீழே போனா நான் யாருக்காகவோ கடை நடத்தற மாதிரி."

"சரிண்ணே" என்றேன், உடனே. அங்கே நின்று எண்பத்து மூன்றுக்கு இழுக்கவில்லை. இழுத்திருந்தால் ஐம்பது பைசா கிடைத்திருக்கலாம், அடுத்த கொட்டேஷனில் அந்த ஐம்பது பைசா ஏறியும் வந்திருக்கும்.

துண்டுக் காகிதக் கணக்கை இங்கேயும் போட்டுவிடுகிறேன். இரண்டரை ரூபாய் குறைந்ததில் 2,790 மிச்சம். 35 நாள் கடனை விட்டுக்கொடுத்ததில் வட்டி சுமார் 1,200 போனது. நிகரமாக எனக்கு 1,590 ரூபாய் லாபம். புதியவரிடம் வாங்கியிருந்தால் இன்னும் 1,230 ரூபாய் போல மிச்சமாகியிருக்கும். நான் அதைத் தெரிந்தேதான் விட்டேன். மார்கழியில் ராத்திரி பத்து மணிக்கு, நாலு ரீம் குறைகிறது என்று போன் போட்டால் எடுக்கிற ஆள் ஒருவர் எனக்கு வேண்டும். 2022இல் தாள் விலை தாறுமாறாக ஏறி, ஆர்டர் கொடுத்தாலும் சரக்கு வராமல் இருந்த மாதங்களில் அவர் தன்னிடம் வந்த கொஞ்சத்தைப் பழைய வாடிக்கைக்காரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். அதற்கெல்லாம் 1,230 ரூபாய் என் கணக்கில் அதிகமில்லை. இதுவே ஐயாயிரமாக இருந்திருந்தால் பாதி லோடையாவது மாதவரத்தில் எடுத்திருப்பேன். அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்திருப்பேன்.

வாய்ப்பேச்சோடு விட்டால் பில் போடும் பையன் பழைய விலையைப் போட்டுவிடுவான், பிறகு யார் என்ன சொன்னோம் என்று மனக்கசப்பு. அன்று மாலையே இதை அனுப்பினேன்:

"அண்ணாச்சிக்கு வணக்கம். உங்கள் கொட்டேஷனைப் பற்றி இன்று நேரில் பேசியபடி: 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, 58.5x91, 60 ரீம், 1,116 கிலோ. கிலோ 83.50, ஜி.எஸ்.டி. தனி, அச்சக வாசலில் இறக்கம், ஒரே லோடு. பில் தேதியிலிருந்து பத்தாம் நாள் செக். இதே கொட்டேஷன் எண்ணில் 'திருத்தியது' என்று போட்டு அனுப்பினால் உடனே ஆர்டர் அனுப்புகிறேன். இந்த விலை இந்த லோடுக்கு மட்டும் என்று புரிந்துகொண்டேன்."

கடைசி வரியை அவர் கேட்காமலே நான் சேர்த்தேன். ஒரு தடவை இறங்கிவந்த விலையை அடுத்த தடவை பழைய விலையாக்கி, அதிலிருந்து மறுபடி பேச ஆரம்பிப்பது அச்சுத் தொழிலில் நிறையப் பேருக்குப் பழக்கம். அவர் பயப்படுவதும் அதற்குத்தான். அந்தப் பயம் போனால்தான் இன்றைய விலை தாராளமாக வரும். திருத்திய கொட்டேஷன் மறுநாள் காலை வந்தது. மத்தியானத்துக்குள் ஆர்டர் போய்விட்டது. விலையைத் திருத்த வைத்துவிட்டு ஆர்டரை ஒரு வாரம் இழுப்பது, பேசியதையெல்லாம் கெடுத்துவிடும்.

பாக்கி ஒரு வேலை இருந்தது. மாதவரத்து இளைஞருக்குப் போன் பண்ணினேன். இந்த லோடு வேறிடத்தில் முடிந்துவிட்டது, உங்கள் தாள் நன்றாக இருந்தது, விலையும் நியாயம், வாசலில் இறக்கமும் பதினைந்து நாள் தவணையும் கொடுக்க முடிந்தால் அடுத்த வேலைக்குக் கேட்கிறேன் என்றேன். "எவ்வளவுக்கு முடிஞ்சுது சார்? நான் இன்னும் பார்க்கறேன்" என்றார். அந்தப் படியில் ஏறவில்லை. 83.50 என்று அவரிடம் சொல்லி, அவர் சொல்வதைத் திரும்ப ஆண்டர்சன் தெருவுக்கு எடுத்துப் போனால், அது ஏலம். ஏலத்தில் கடைசியாகக் குறைத்தவன் எங்கேயாவது தாளின் எடையில் கையை வைப்பான்.

அரசு அலுவலகத்தில் சரக்குக் கொள்முதல் பார்க்கும் என் உறவினர் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "நான் இப்படிப் பண்ணினா சஸ்பெண்ட்" என்றார். நிஜம்தான். தமிழ்நாட்டில் 1998இல் வந்த டெண்டர் சட்டப்படி, பேசி விலையைக் குறைக்கலாமென்றால் குறைந்த விலை போட்டவரிடம் மட்டும்தான் பேசலாம். மத்திய அரசில் ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007இல் இன்னும் ஒருபடி மேலே போய், அவரிடம்கூட விதிவிலக்கான சமயங்களில் தவிரப் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை போட்டது. அதிகம் கேட்டவரைக் கூப்பிட்டு, குறைவாகக் கேட்டவர் விலைக்குப் பக்கத்தில் கொண்டுவருவது அங்கே முறைகேடு. எனக்கு அது பிழைப்பு. சொந்தப் பணம், சொந்த நஷ்டம் என்பதால் எனக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது. எங்கள் தெருக் குடியிருப்புச் சங்கத்துக்கு பெயின்ட் அடிக்க விலை வாங்கியபோது, நான் செயலாளராக இருந்தும் இந்த வித்தையைப் பயன்படுத்தவில்லை. வந்த மூன்று விலையையும் கூட்டத்தில் வைத்தேன், அவர்கள் முடிவு செய்தார்கள்.

எப்போதும் கேட்கலாமா என்றால், கூடாது. வித்தியாசம் கிலோவுக்கு ஒரு ரூபாய்க்குள் இருந்தால் நான் வாயைத் திறப்பதில்லை. ஐந்து, பத்து ரீமுக்குக் கேட்பதில்லை. விலை ஏறிக்கொண்டிருக்கும் மாதத்தில் யாரோ பழைய ஸ்டாக்கைப் பழைய விலைக்குத் தள்ளுவார். அதைக் கொண்டுபோய் இவரிடம் காட்டுவது நியாயமே இல்லை, இவர் சரக்கு வாங்கியதே புது விலைக்கு. ஆர்டர் கொடுத்த பிறகு மலிவாக ஒன்று வந்தால், அது எனக்கு வரவே இல்லை என்று வைத்துக்கொள்வேன்.

பத்தாம் நாள் செக்கை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். புத்தகங்கள் நேரத்துக்கு முடிந்தன. மிக்ஜாம் புயலில் அச்சகத்துக்குள் மறுபடி தண்ணீர் வந்தது, கணுக்கால் வரைக்கும்தான். தாளெல்லாம் ஓட்டியாகிவிட்டது, மிச்சம் மேல் அலமாரியில் இருந்தது.

பிப்ரவரியில் ரசீதுப் புத்தகங்களுக்கு நகல் பக்கத்துக்காக மஞ்சள் தாள் பத்து ரீம் மாதவரத்திலிருந்து எடுத்தேன். ஆண்டர்சன் தெருவில் அந்த நிறம் அப்போது இல்லை. அடுத்த வாரம் அண்ணாச்சி ஏதோ கல்யாணத்துக்கு அயோத்தியா மண்டபத்துப் பக்கம் வந்தவர், அச்சகத்துக்கும் வந்தார். கட்டிங் மெஷின் பக்கத்தில் அடுக்கியிருந்த ரீமைத் திருப்பி லேபிளைப் படித்தார்.

"இது என்ன ரேட்டுக்குத் தம்பி எடுத்தீங்க?"

"அதை மட்டும் கேக்காதீங்கண்ணே."

லேபிளை மறுபடி கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, மெஷின்காரப் பையனிடம் "எனக்குச் சர்க்கரை போடாம ஒரு டீ சொல்லு" என்றார்.